ஒப்பீடுகளை எண்ணினால் போதுமா? ஹீப் சார்ட்டும் பாடத்திட்டத்தின் பழைய பொய்யும்

இந்தியப் பல்கலைக்கழகத் தேர்வுத்தாள்களில் ஆண்டுதோறும் திரும்பிவரும் ஒரு வினா உண்டு: ஹீப் சார்ட், மெர்ஜ் சார்ட் ஆகியவற்றின் சிக்கல்தன்மையை ஒப்பிடுக. இரண்டுமே மிக மோசமான நிலையிலும் `O(n log n)`; ஹீப் சார்ட்டுக்குக் கூடுதல் நினைவகம் தேவையில்லை; எனவே அதுவே மேலானது. இப்படி எழுதும் மாணவர் முழு மதிப்பெண் பெறுகிறார். அதே மாணவர் ஆய்வகத்தில் ஒன்றரைக் கோடி எண்களை வரிசைப்படுத்தும்போது, மேலானதாகச் சொல்லப்பட்ட வழிமுறை சில மடங்கு பின்தங்குவதைக் காண்கிறார். தம் நிரலில் பிழை இருப்பதாக எண்ணித் தேடத் தொடங்குகிறார். பிழை நிரலில் இல்லை. அவருக்குக் கற்பிக்கப்பட்ட கணக்கில் இருக்கிறது.

அந்தக் கணக்கு ஒரு கற்பனை இயந்திரத்தின் மேல் நிற்கிறது. அதில் நினைவகத்தின் எந்த இடத்தைத் தொட்டாலும் செலவு ஒன்றே. வில்லியம்ஸ் ஹீப் சார்ட்டை வெளியிட்ட 1964இல் அக்கற்பனை உண்மைக்கு அருகில் இருந்தது. கேஷ் நினைவகம் வணிகக் கணினிக்குள் நுழைந்தது 1968இல், ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 85 வழியாக. அதன்பின் செயலியின் வேகம் பன்மடங்கு வளர்ந்தது. முதன்மை நினைவகத்தின் காத்திருப்பு நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. இன்று செயலிக்கு அருகிலுள்ள கேஷிலிருந்து ஓர் எண்ணை எடுக்க ஒன்றிரண்டு நானோ நொடி போதும். முதன்மை நினைவகத்திலிருந்து எடுக்க ஏறத்தாழ 80 நானோ நொடி ஆகிறது. மேலும், நினைவகம் எண்களைத் தனித்தனியே தருவதில்லை. 64 பைட் கொண்ட ஒரு ‘கேஷ் வரி’யாகவே தருகிறது. எட்டு பைட் எண்கள் எனில், ஒன்றைக் கேட்டால் எட்டு வந்துசேரும். அந்த எட்டையும் பயன்படுத்தும் வழிமுறைக்கு ஒருமுறை காத்திருந்தால் போதும். ஒன்றை மட்டும் தொட்டுவிட்டுத் தாவிச்செல்லும் வழிமுறை எட்டுமுறை காத்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகக் கணக்கிடலாம். 1,67,77,216 எண்கள், அதாவது `2^24`. ஒவ்வொன்றும் எட்டு பைட். மொத்தம் 128 மெகாபைட். கேஷ் 8 மெகாபைட் என்க.

மெர்ஜ் சார்ட் தரவைப் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டே செல்கிறது. ஒரு துண்டு 4 மெகாபைட்டாகச் சுருங்கியதும், அதுவும் அதற்குரிய துணை இடமும் கேஷுக்குள் அடங்கிவிடுகின்றன. அதற்குக் கீழுள்ள இணைப்புகளுக்கு முதன்மை நினைவகம் தேவையே இல்லை. மேலே எஞ்சுவன ஐந்து இணைப்புச் சுற்றுகள்; முதன்முறை உள்ளே கொண்டுவருவதையும் சேர்த்தால் ஆறு. ஒவ்வொரு சுற்றிலும் 128 மெகாபைட் உள்ளே வந்து 128 மெகாபைட் வெளியே போகிறது. மொத்தம் ஏறத்தாழ ஒன்றரை கிகாபைட். அத்தனையும் இடமிருந்து வலமாக, அடுத்தடுத்த முகவரிகளில் நிகழ்வதால் செயலி அடுத்த வரியைக் கேட்கும் முன்பே வரவழைத்துவிடுகிறது. நொடிக்குப் பத்து கிகாபைட் கடத்தும் சாதாரண இயந்திரத்தில் இதற்கு ஆகும் நேரம் கால் நொடிக்கும் குறைவு.

ஹீப் சார்ட்டின் நடை வேறு. பெரிய எண்ணை உச்சியிலிருந்து நீக்கிய ஒவ்வொரு முறையும், `i` என்ற இடத்திலிருந்து `2i+1` அல்லது `2i+2` என்ற இடத்துக்கு அது இறங்குகிறது. மரத்தில் 24 நிலைகள். மேலுள்ள 20 நிலைகள் கேஷில் தங்கலாம். அடியிலுள்ள நான்கு நிலைகளில் ஒவ்வொரு படியும் தொலைதூரத் தாவல். ஹீப் சுருங்கச் சுருங்க ஆழம் குறைவதையும் கணக்கில் கொண்டால், ஒரு நீக்கத்துக்குச் சராசரியாக மூன்று கேஷ் தவறல்கள். மொத்தம் ஏறத்தாழ ஐந்து கோடி. எந்தக் கிளையில் இறங்குவது என்பது ஒப்பீடு முடிந்த பிறகே தெரியும். எனவே முன்கூட்டி வரவழைக்கவும் வழி குறைவு. ஒரு தவறலுக்கு 80 நானோ நொடி வீதம், காத்திருப்பு மட்டும் நான்கு நொடி வரை செல்லும்.

‘ஹீப் சார்ட் ஏறத்தாழ இருமடங்கு ஒப்பீடுகளைச் செய்கிறது, வேறுபாடு அதனால்தான்’ என்று மறுப்போர் உண்டு. வழக்கமான வடிவத்துக்கு அக்கூற்று உண்மை. ஆனால் கீழிருந்து மேலேறும் வடிவம் ஒன்று இருக்கிறது: முதலில் பெரிய பிள்ளையை மட்டும் பின்தொடர்ந்து இலைவரை இறங்கி, பின்பு சரியான இடத்துக்குச் சற்றே ஏறுவது. அதில் ஒப்பீடுகள் மெர்ஜ் சார்ட்டின் அளவுக்கு, ஏறத்தாழ 40 கோடியாகக் குறைகின்றன. இறங்கும் பாதையோ அதேதான், தவறல்களும் அவையேதான். ஒப்பீடுகள் சமமாகியும் வேகம் சமமாகவில்லை என்பதே இங்குள்ள சான்று.

இதைச் சோதிக்க எந்த ஆய்வகத்திலும் அரைநாள் போதும். எண்ணிக்கையை இருமடங்காக்கிக்கொண்டே போய், ஓட்டநேரத்தை `n log2 n` ஆல் வகுக்க வேண்டும். பாடநூல் சொல்வது முழு உண்மையெனில் ஈவு மாறக்கூடாது. மெர்ஜ் சார்ட்டில் அது ஏறத்தாழ நிலையாக இருக்கும். ஹீப் சார்ட்டில் தரவு கேஷைத் தாண்டியதும் ஏறத் தொடங்கும். காரணத்தை லினக்ஸில் நேரடியாகவே பார்க்கலாம்:

```
perf stat -e cycles,instructions,cache-misses ./sort_test
```

கட்டளைகளின் எண்ணிக்கை அதிகம் மாறாமல் சுழற்சிகள் மட்டும் பெருகினால், செயலி வேலை செய்யவில்லை, காத்திருக்கிறது என்று பொருள்.

இவை எவையும் புதியன அல்ல. கடத்தப்படும் தொகுதிகளை எண்ணும் மாதிரியை அகர்வாலும் விட்டரும் 1988இல் தந்தனர். வரிசையாக்கத்தில் கேஷின் தாக்கத்தை லமார்க்காவும் லாட்னரும் 1997இல் அளந்து காட்டினர். ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆகியும் இளநிலைப் பாடத்தில் இதற்கு ஒரு வகுப்பு ஒதுக்காமல் இருப்பதற்குச் சாக்கு இல்லை.

மொழித் தரவுகளோடு பணிபுரிவோர் இன்னொரு படி யோசிக்க வேண்டியிருக்கிறது. சொற்பட்டியலில் பெரும்பாலும் சொற்கள் அடுத்தடுத்து இருப்பதில்லை. சொற்கள் இருக்கும் முகவரிகளே அடுத்தடுத்து இருக்கின்றன. பைத்தானின் பட்டியலும் அப்படியே. அங்கே மெர்ஜ் சார்ட்டும் ஒவ்வோர் ஒப்பீட்டிலும் எங்கோ தாவுகிறது. ஒவ்வொரு சொல்லின் முதல் எட்டு பைட்டுகளை முகவரியோடு சேர்த்து வைப்பது அறியப்பட்ட தீர்வு. ஆங்கிலச் சொல்லுக்கு அது எட்டு எழுத்துகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவதற்கு இரண்டே மதிப்புகள். ஆகவே ‘கட்டில்’, ‘கட்டுரை’, ‘கட்டளை’ மூன்றுக்கும் அந்த எட்டு பைட்டுகள் ஒன்றாகவே அமைந்து, தாவல் மீண்டும் நேர்கிறது. தமிழ் அகரவரிசைப்படி ஒவ்வொரு குறியையும் ஒரே பைட்டாக மாற்றிக்கொண்டால் எட்டுக் குறிகள் அடங்கும். எந்தச் சிக்கல்தன்மைச் சூத்திரமும் இந்த மாற்றத்தைப் பரிந்துரைக்காது. கேஷ் வரியை அறிந்தவருக்கே அது தோன்றும்.

`O(n log n)` பொய் அன்று. தரவு பெருகும்போது செலவு எவ்விதம் வளரும் என்பதை அது சரியாகவே சொல்கிறது. ஹீப் சார்ட்டும் வீணானதன்று. கூடுதல் இடமின்றி, மோசமான உள்ளீட்டிலும் அது தரும் உறுதிக்காகவே மஸ்ஸரின் இன்ட்ரோசார்ட், குவிக் சார்ட் தடம்புரளும்போது அதனிடம் திரும்புகிறது. கண்டிக்கப்பட வேண்டியது, வளர்ச்சிவீதத்தை வேகம் என்று மதிப்பிடும் தேர்வுமுறையையும், ஒப்பீட்டு எண்ணிக்கையை மட்டும் காட்டி ‘திறன்மிக்கது’ என்று உரிமைகோரும் ஆய்வுக்கட்டுரைகளையும் தான். வினாத்தாளில் ஒரு வரி சேர்த்தால் தொடக்கத்துக்குப் போதும்: தரவு 128 மெகாபைட், கேஷ் 8 மெகாபைட், இவ்விரு வழிமுறைகளும் முதன்மை நினைவகத்தை எத்தனை முறை நாடும் என்று கணக்கிடுக.