43 லட்சம் சொத்து... அதில் ஓனருக்குச் சொந்தம் எவ்வளவு? பேலன்ஸ் ஷீட்டை இப்படிப் படியுங்கள்

“மச்சான், நம்ம யூனிட்டோட சொத்து மதிப்பு 43 லட்சம். நீ 5 லட்சம் போடு, பார்ட்னரா சேர்ந்துடு.” வேலைக்குப் போய் கொஞ்சம் சேமித்து வைத்திருக்கும் பலருக்கும் இப்படி ஓர் அழைப்பு என்றாவது வரும். கூடவே ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட பேலன்ஸ் ஷீட்டும் வாட்ஸ்அப்பில் வந்து சேரும். அதைத் திறந்ததும் பெரும்பாலானவர்கள் பார்ப்பது கடைசி வரியில் இருக்கும் மொத்தத் தொகையைத்தான். என்னைக் கேட்டால், அந்தத் தாளில் நமக்கு மிகக் குறைவாகப் பயன்படும் எண் அதுதான்.

ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். திருப்பூரில் டி-ஷர்ட்டுக்குப் பிரின்ட்டிங் செய்து விற்கும் ஒரு சின்ன யூனிட், ஒரே முதலாளி என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31 அன்று அதன் கணக்கு இப்படி இருக்கிறது (எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை).

சொத்துகள்
- மெஷின்கள்: 14 லட்சம்
- கட்டட வாடகை அட்வான்ஸ்: 3 லட்சம்
- சரக்கு இருப்பு: 9 லட்சம்
- வாடிக்கையாளர்களிடம் வர வேண்டிய பாக்கி: 16 லட்சம்
- ரொக்கம், வங்கி இருப்பு: 1 லட்சம்

பொறுப்புகள்
- முதலாளியின் மூலதனம்: 18 லட்சம்
- மெஷின் கடன்: 9 லட்சம்
- வங்கி ஓவர்டிராஃப்ட்: 8 லட்சம்
- துணி, மை வாங்கிய இடத்தில் பாக்கி: 7 லட்சம்
- கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி: 1 லட்சம்

இரண்டு பக்கமும் 43 லட்சம்.

மூலதனம் என்பது மிச்சம்

சொத்துப் பக்கம், பணம் இப்போது எந்த வடிவத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. பொறுப்புப் பக்கம், அந்தப் பணம் யாருடையது என்று சொல்கிறது. இங்கே 43 லட்சத்தில் 25 லட்சம் வெளியாருடையது. அதைக் கழித்தால் மிஞ்சும் 18 லட்சம்தான் முதலாளியுடையது. அதனால்தான் அவருடைய மூலதனமும் பொறுப்புப் பக்கத்தில் நிற்கிறது. வியாபாரம் அவருக்குத் திருப்பித் தர வேண்டிய தொகை அது.

இந்த 18 லட்சம் எப்படி வந்தது? வருட ஆரம்பத்தில் 15 லட்சம் இருந்தது, 8 லட்சம் லாபம் சேர்ந்தது, வீட்டுச் செலவுக்கு முதலாளி 5 லட்சம் எடுத்துக்கொண்டார். சரி, அந்த 18 லட்சம் வங்கியில் இருக்கிறதா? இல்லை. வங்கி இருப்பும் ரொக்கமும் சேர்த்தே 1 லட்சம்தான். மற்றதெல்லாம் மெஷினாகவும் சரக்காகவும் பாக்கியாகவும் மாறி நிற்கிறது. மூலதனம் என்ற பெயரில் தனியாக ஒரு பணமூட்டை எங்கேயும் கிடையாது.

கடன் நிச்சயம், சொத்து கணிப்பு

என் வாதத்தின் மையம் இதுதான். பொறுப்புப் பக்கத்தில் உள்ள 25 லட்சம் கடன் உறுதியான எண். வங்கியோ துணிக் கடைக்காரரோ ஒரு ரூபாய்கூட விட மாட்டார்கள். சொத்துப் பக்கத்தில் உள்ள எண்களோ பெரும்பாலும் முதலாளி சொல்லும் கணிப்பு.

வர வேண்டிய பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். வருட விற்பனை 64 லட்சம் என்றால், 16 லட்சம் பாக்கி என்பது மூன்று மாத விற்பனைக்குச் சமம். “யார் யார், எவ்வளவு, எத்தனை நாளா தரலை?” என்று கேளுங்கள். பில் வாரியாகப் பதிந்திருந்தால் டேலியிலேயே இந்தப் பட்டியலை எடுத்துவிடலாம். எடுத்துப் பார்த்தால், ஒரே பார்ட்டி 5 லட்சத்தை ஒன்றரை வருடமாக இழுத்தடிப்பது தெரிகிறது. அது ஏறக்குறைய வாராக்கடன். குடோனுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். முடிந்துபோன ஒரு தேர்தலுக்காக அடித்து, வாங்கப்படாமல் போன 2 லட்சம் ரூபாய் டி-ஷர்ட்டுகள் இன்னும் கணக்கில் சரக்காக உட்கார்ந்திருக்கின்றன.

இந்த 7 லட்சத்தையும் கழித்தால் சொத்து 36 லட்சம் ஆகிவிடும். கடன் மாறுகிறதா? இல்லை, அதே 25 லட்சம். மொத்த அடியும் மூலதனத்தின் மீதுதான் விழுகிறது. 18 லட்சம், 11 லட்சமாகிறது. சொத்தில் ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது, முதலாளியின் பங்கிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

“ஆனா பேலன்ஸ் ஷீட் டேலி ஆகுதே!” என்பார்கள். வராத பாக்கியை வரும் என்று எழுதி வைத்தாலும் அது டேலி ஆகும். இரண்டு பக்கமும் சமமாக இருப்பது, பதிவுகள் முறையாகப் போடப்பட்டிருக்கின்றன என்பதைக் காட்டலாம். சொத்து உண்மையில் அவ்வளவு பெறுமா என்பதை அது காட்டாது.

ஒரு வருடத்துக்குள் என்ன ஆகும்?

அடுத்து, நாள் கணக்கைப் பாருங்கள். ஒரு வருடத்துக்குள் பணமாகக்கூடியவை சரக்கு, பாக்கி, ரொக்கம் மூன்றும் சேர்ந்து 26 லட்சம். ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டியவை ஓவர்டிராஃப்ட், கடைப் பாக்கி, ஜி.எஸ்.டி சேர்த்து 16 லட்சம். மெஷின் கடனில் இந்த வருடத் தவணை 3 லட்சத்தையும் சேர்த்தால் 19 லட்சம். ஒரு ரூபாய் கொடுக்க 1.37 ரூபாய் இருக்கிறது. வங்கிகள் பழக்கமாக எதிர்பார்க்கும் 1.33-ஐத் தாண்டிவிட்டது, பரவாயில்லை என்று தோன்றும். அந்த 7 லட்சத்தைக் கழியுங்கள். இரண்டு பக்கமும் 19 லட்சம். இப்போது ஒரு பார்ட்டி ஒரு மாதம் தாமதித்தால்கூட, யாரோ ஒருவருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது.

உங்கள் 5 லட்சத்துக்கு என்ன பங்கு?

லாபத்தை மூலதன விகிதத்தில் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். 18 லட்சத்தோடு உங்கள் 5 லட்சம் சேர்ந்தால் மொத்தம் 23. உங்கள் பங்கு சுமார் 22 சதவீதம். உண்மையான 11 லட்சத்தோடு சேர்ந்தால் மொத்தம் 16. உங்கள் பங்கு சுமார் 31 சதவீதம். அதே பணம்தான். அந்தப் பழைய பாக்கியைக் கழித்தீர்களா, இல்லையா என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம்.

பிளஸ் டூ கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. புதுக் கூட்டாளி சேரும்போது சொத்துகளை மறுமதிப்பீடு செய்து, நட்டத்தைப் பழைய கூட்டாளிகள் தலையில் எழுதுவதுதான் முறை. நண்பர் என்பதற்காக அதை விட்டுவிட்டால், அவருடைய பழைய நட்டத்தில் ஒரு பகுதியை நீங்கள் சுமக்கிறீர்கள்.

முதலாளி பக்கத்திலும் நியாயம் உண்டு. வருடக்கணக்கில் சேர்த்த வாடிக்கையாளர்கள், தொழில் தெரிந்த ஆட்கள் இவையெல்லாம் இந்தத் தாளில் ஏறுவதில்லை. மெஷினும், தேய்மானம் கழித்த 14 லட்சத்தைவிட அதிக விலைக்குப் போகலாம். அதற்கெல்லாம் அவர் விலை கேட்பது தவறில்லை. நற்பெயர் மதிப்பு என்று தனியாகச் சொல்லி, பேசி முடிக்கட்டும். வராத பாக்கிக்குள் அதை ஒளித்து வைக்கக் கூடாது.

கையெழுத்துப் போடும் முன் இன்னொன்று. 1932 கூட்டாண்மைச் சட்டப்படி, நீங்கள் சேர்ந்த பிறகு ஏற்படும் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பு. பழைய கடன் பொதுவாக உங்களைச் சேராது. ஆனால் வங்கியில் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அதுவும் சேர்ந்துவிடும். ஆகவே “லாபம் எவ்வளவு?” என்று கேட்பதற்கு முன், “பாக்கிப் பட்டியலைக் காட்டு” என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால், 18 லட்சம் என்ற எண்ணை நம்ப வேண்டாம்.