அளவெடுத்த பிறகே முறிக்க வேண்டும்: வீடு கட்டும் ஒப்பந்தங்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

சொந்த மனையில் வீடு கட்டக் கொடுத்தவர், கான்ட்ராக்டர் வேலையை மாதக்கணக்கில் இழுத்தடித்து, செய்த வேலையையும் மோசமாகச் செய்திருந்தால், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அந்த உரிமையை எங்கள் நுகர்வோர் அமைப்பு ஆதரிக்கிறது. ஆனால் எழுத்து மூலம் கெடு கொடுக்காமலும், நடந்த வேலையை அளவெடுத்துப் பதிவு செய்யாமலும் முறிப்பதை ஆதரிக்கவில்லை. உறுப்பினர்கள் பெரும்பாலும் எங்களிடம் வருவது, இரண்டாவது கான்ட்ராக்டர் வந்து பூச்சு வேலையையும் முடித்த பிறகுதான். முதல் ஆள் செய்த தவறெல்லாம் அதற்குள் சிமெண்டுக்குப் பின்னால் போய்விடுகிறது.

பத்து மாதத்தில் முடிப்பதாக எழுதிக் கொடுத்தவர் பதினான்காவது மாதத்திலும் ரூஃப் மட்டத்திலேயே நிற்கிறார் என்றால் அதுவே காரணம் போதாதா என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் போதாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, காலக்கெடு ஒப்பந்தத்துக்கு உயிரானது என்று இரு தரப்பும் கருதியிருந்தால்தான் கெடு தவறியதும் முறிக்கலாம். இல்லாவிட்டால் தாமதத்துக்கு நஷ்டஈடு மட்டுமே கேட்கலாம். கால நீட்டிப்பும் தாமத அபராதமும் எழுதப்பட்ட கட்டுமான ஒப்பந்தத்தில் காலக்கெடு பொதுவாக அப்படிப்பட்டதல்ல என்பதை ஹிந்த் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் 1979-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இது போதாதென்று உரிமையாளரே வாட்ஸ்அப்பில் "சரி சார், தீபாவளிக்குள்ள முடிச்சுடுங்க" என்று அனுப்பியிருப்பார். அந்த ஒற்றை வரி, பழைய கெடுவை அவரே தளர்த்திவிட்டதற்குச் சாட்சியாக நிற்கும்.

ஆகவே முதல் வேலை புதிய கெடு. எந்தெந்த வேலை பாக்கி, எந்தெந்தக் குறையைச் சரிசெய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், தவறினால் ஒப்பந்தம் முறிக்கப்படும் என்பதைக் கடிதமாக எழுதி, பெற்றதற்கான ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். கெடு நியாயமானதாக இருக்க வேண்டும். பாதி வீட்டை ஒரு வாரத்தில் முடி என்று எழுதுவதில் பயனில்லை. பதினைந்து நாளில் ஆட்களை இறக்கி வேலையைத் தொடங்கு, இன்ன தேதிக்குள் பூச்சை முடி என்று படிகளாகப் பிரித்துக் கேட்பது நிற்கும். உரிமையாளர் தவணையைத் தாமதித்ததும், நடுவில் பிளானை மாற்றியதும் கான்ட்ராக்டருக்குச் சேர வேண்டிய நாட்கள். அவற்றைக் கழிக்காமல் தாமதத்தைக் கணக்கிடும் கடிதத்தை எங்கள் ஆலோசகர்கள் எழுதித் தர மாட்டார்கள்.

தரம் பற்றிய புகாரிலும் இதே கறார் தேவை. பூச்சில் ஓடும் மயிரிழை விரிசல் ஒப்பந்தத்தை முறிக்கும் காரணமல்ல. அது சரிசெய்யச் சொல்ல வேண்டிய குறை. பில்லரின் அடியில், தரைமட்டத்துக்கு ஒரு சாண் மேலே காங்கிரீட் இறங்காமல் ஜல்லி மட்டும் கொத்துக் கொத்தாகத் தெரிவது வேறு. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் ஜல்லி கையோடு வரும். உள்ளே கம்பியின் வரிகள் தெரியும். சென்ட்ரிங் பலகை பிரித்த அன்றே மேஸ்திரி அதன்மேல் சிமெண்ட் பாலைத் தடவி மூடிவிடுவார், மறுநாள் பார்த்தால் பில்லர் வழவழவென்று இருக்கும். பலகை பிரிக்கும் நாளில் உரிமையாளர் அங்கே இருக்க வேண்டும் என்று நாங்கள் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம், ரீபவுண்ட் ஹாமர் சோதனை, அதில் சந்தேகம் வந்தால் காங்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் கோர் சோதனை என்று போக வேண்டும். ரீபவுண்ட் ஹாமர் மேற்பரப்பின் கடினத்தை மட்டுமே காட்டும். அதை மட்டும் நம்பிக் கட்டடம் பலமில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இனி பணம். சண்டை பெரும்பாலும் இங்கேதான் சிக்கலாகிறது. கணக்கு புரிவதற்காக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். 1,000 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய், மொத்தம் 25 லட்சம். அட்வான்ஸ், பேஸ்மெண்ட், லிண்டல், ரூஃப் என்று தவணைகள் முன்கூட்டியே அதிகமாக வைக்கப்பட்டதால், ரூஃப் போட்டதும் 17.5 லட்சம் போய்விட்டது. பொறியாளர் அளவெடுத்துப் பார்த்தால் நடந்திருப்பது பாதி வேலை, அதாவது 12.5 லட்சத்துக்கு. அதிலும் பில்லர், பீம் குறைகளைச் சரிசெய்ய ஒரு லட்சம் ஆகும். மீதி வேலைக்குப் புது கான்ட்ராக்டர் 15 லட்சம் கேட்கிறார். அடுத்தவர் தொட்ட வேலையை எடுப்பவர் யாரும் பழைய விலைக்கு வருவதில்லை.

உரிமையாளர் வழக்கமாகக் கேட்பது, "கொடுத்த 17.5 லட்சத்தையும் திருப்பிக் கொடு" என்பது. பாதி வீடு மனையில் நிற்கும்போது அது கிடைக்காது. சரியான கணக்கு சுலபமானது. வீட்டை முடிக்க 15 லட்சம், குறைகளுக்கு 1 லட்சம், ஆக 16 லட்சம் செலவு. ஒப்பந்தப்படி இன்னும் கொடுக்க வேண்டியிருந்த 7.5 லட்சம் உரிமையாளர் கையில் இருக்கிறது. கழித்தால் 8.5 லட்சம். தாமதமான மாதங்களுக்கு வெளியே கொடுத்த வாடகையை, ரசீது இருந்தால், இதன்மேல் கேட்கலாம். முறையாக முறித்தவருக்கு நஷ்டஈடு உண்டு என்பது அதே சட்டத்தின் 75-ஆம் பிரிவு. ஆனால் இந்த 8.5 லட்சம் முழுக்க அந்த அளவெடுப்பு அறிக்கையின்மேல்தான் நிற்கிறது. அது இல்லையென்றால், நான் முக்கால்வாசி வேலையை முடித்திருந்தேன் என்று கான்ட்ராக்டர் சொல்வதை மறுக்க ஒன்றுமில்லை.

எனவே அளவெடுக்கும் நாளைக் கான்ட்ராக்டருக்கும் எழுதி அறிவித்து வரச் சொல்ல வேண்டும். வராவிட்டால் அவர் வரவில்லை என்று அறிக்கையில் பதிய வேண்டும். அளவெடுக்கும் பொறியாளர் புது கான்ட்ராக்டரின் ஆளாக இருக்கக் கூடாது. மனையில் கிடக்கும் கம்பி, எம்-சாண்ட், சிமெண்ட் மூட்டை வரை பட்டியலிட்டு, பழைய கான்ட்ராக்டரின் ஜாக்கிகளையும் பலகைகளையும் எழுதி வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவற்றைப் பூட்டி வைப்பது அவர் கையில் நாமே ஒரு புகாரைக் கொடுப்பதுபோல. கூலி பாக்கியென்று வாசலில் வந்து நிற்கும் கொத்தனாரிடமும் சித்தாளிடமும் கோபத்தைக் காட்டக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்; அவர்களும் அதே ஆளிடம் ஏமாந்தவர்கள்தான்.

வீடு கட்டித் தருவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவை. கொடுத்த தொகை 50 லட்சத்தைத் தாண்டாவிட்டால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினைக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். மத்தியஸ்தர் மூலமே தீர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் ஆணையத்தின் கதவு அடைபடாது. எடுத்தவுடன் காவல் நிலையத்துக்கு ஓடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்கு ஆதாரம் இல்லாதவரை, ஒப்பந்த மீறல் மோசடிக் குற்றமாகாது.

அரசிடம் எங்கள் கோரிக்கை ஒன்றே. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அடுக்குமாடி வீடு வாங்கியவருக்கு, ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையை விற்றவரே முப்பது நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டுபவருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அதே ஐந்து ஆண்டுப் பொறுப்பை இந்த ஒப்பந்தங்களுக்கும் கொண்டுவர வேண்டும். அதுவரை, எந்தத் தவணையும் நடந்த வேலையின் மதிப்பைத் தாண்டாத, கடைசி ஐந்து சதவீதத்தை ஓராண்டு நிறுத்திவைக்கும் ஒப்பந்தத்தில் மட்டுமே கையெழுத்திடுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதற்குச் சம்மதிக்காத கான்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.