"ரீஃபண்டபிள்" என்ற வார்த்தையைப் பார்த்தாலே அந்த வேலையை விட்டுடுங்க

மாசம் 28,000 சம்பளம் வாங்குறீங்க. ரெண்டு வருஷம் அனுபவம் ஆச்சு, ஸ்விட்ச் பண்ணலாம்னு நாக்ரியிலயும் லிங்க்ட்இன்லயும் ப்ரொஃபைலை அப்டேட் பண்ணி வச்சிருக்கீங்க. ஒரு நாள் மதியம் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் வருது:

"வாழ்த்துகள்! உங்கள் ரெஸ்யூம் எங்கள் நிறுவனத்தில் ஷார்ட்லிஸ்ட் ஆகியுள்ளது. மாத சம்பளம் ரூ.52,000. வொர்க் ஃப்ரம் ஹோம். பதிவு மற்றும் ஆவணச் சரிபார்ப்புக் கட்டணம் ரூ.2,450 (முதல் சம்பளத்துடன் திருப்பித் தரப்படும்). இன்று மாலை 5 மணிக்குள் செலுத்தி உங்கள் இடத்தை உறுதி செய்யவும்."

கூடவே ஒரு பிடிஎஃப். பெரிய ஐடி கம்பெனியோட லோகோ, ஆஃபர் லெட்டர், சீல், கையெழுத்து எல்லாம் பக்காவா இருக்கு. இது ஒரு மாதிரி மெசேஜ்தான். ஆனா இப்படி வர்ற மெசேஜ் எல்லாமே கிட்டத்தட்ட இதே அச்சுலதான் இருக்கும். இதுல எதைப் பார்க்கணும், எதை நம்பக்கூடாதுங்கிறதுதான் இன்னைக்கு விஷயம்.

லோகோ, சிஐஎன், ஜிஎஸ்டி நம்பர்: எதுவும் ஆதாரம் இல்லை

இந்த மாதிரி மெசேஜ் வந்தா நம்ம ஆளுங்க முதல்ல பண்றது, லெட்டர்ல இருக்கிற கம்பெனி பதிவு எண்ணை எடுத்து நெட்ல தேடிப் பார்க்கிறது. எண் சரியா இருக்கும். அட்ரஸ் சரியா இருக்கும். ஹெச்ஆர் பேரைத் தேடினா அந்தப் பேர்ல லிங்க்ட்இன்ல ஒருத்தர் உண்மையிலேயே இருப்பாங்க. "எல்லாம் மேட்ச் ஆகுது, ஜெனியூன்தான்"னு முடிவு பண்ணிடுவாங்க.

என் கருத்துல இந்தச் சோதனையால நன்மையை விட ஆபத்துதான் அதிகம். கம்பெனியோட சிஐஎன் எண், ஜிஎஸ்டி எண், ஆபீஸ் முகவரி எல்லாமே பொதுவுல கிடைக்கிற தகவல். நீங்க சரிபார்க்கிற அதே இடத்துல இருந்துதான் அவனும் காப்பி பண்ணியிருக்கான். அப்போ எண் மேட்ச் ஆகத்தானே செய்யும்! "அப்படி ஒரு கம்பெனி இருக்கு"ன்னு வேணா அதை வச்சுச் சொல்லலாம். "அந்தக் கம்பெனிதான் இந்த மெசேஜை அனுப்பிச்சு"ன்னு சொல்ல முடியாது.

காப்பி அடிக்க முடியாத விஷயம் ஒண்ணு இருக்கு. பணம் எந்தப் பக்கம் போகுதுங்கிறதுதான் அது. வேலைன்னா கம்பெனி உங்களுக்குப் பணம் தரணும். வேலையில சேர்றதுக்கு முன்னாடியே நீங்க கம்பெனிக்குப் பணம் தரணும்னா, லெட்டர் எவ்வளவு அழகா இருந்தாலும் அது வேலை இல்லை. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், லேப்டாப், ட்ரெயினிங் எல்லாம் கம்பெனியோட செலவு. பெரிய ஐடி நிறுவனங்கள் பலதும் "நாங்க எந்தக் கட்டணமும், டெபாசிட்டும் வாங்குறதில்லை"ன்னு தங்களோட வேலைவாய்ப்புப் பக்கத்துலயே எழுதி வச்சிருக்காங்க.

2,450 எதுக்கு 24,500 இல்லை?

52,000 சம்பளத்துக்கு முன்னாடி 2,450 சின்னத் தொகைதான். "போனா போகுது, கிடைச்சா மாசம் 24,000 கூடுதல்"னு மனசு கணக்கு போடும். இந்தக் கணக்கை நீங்க போடணும்னுதான் தொகையை அப்படி வச்சிருக்காங்க. லோன் வாங்கணும்னா நாலு பேர்கிட்ட கேட்பீங்க. 2,450-ஐ யாரையும் கேட்காம ஜிபேல அனுப்பிடுவீங்க.

ஆனா 2,450 வெறும் என்ட்ரி டிக்கெட். அதைக் கட்டினதும் அடுத்து என்ன நடக்கும்னு பார்ப்போம்.

ரெண்டாம் நாள்: "கம்பெனி லேப்டாப் கூரியர்ல வருது, செக்யூரிட்டி டெபாசிட் 8,500, ரீஃபண்டபிள்." நாலாம் நாள்: "ட்ரெயினிங் கிட், இன்சூரன்ஸ் 14,000, இதுவும் ரீஃபண்டபிள்." இப்போ மொத்தம் 24,950 ஆச்சு. உங்களுக்குச் சந்தேகம் வந்து "வேலையே வேணாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்க"ன்னு கேட்கிறீங்க. கோபப்படவே மாட்டாங்க. "கண்டிப்பா சார், ரீஃபண்ட் ப்ராசஸ் பண்ண 18 சதவீதம் ஜிஎஸ்டி மட்டும் கட்டிடுங்க"ன்னு சொல்வாங்க. 24,950-க்கு 18 சதவீதம் 4,491. அதையும் கட்டினா மொத்தம் 29,441. உங்க ஒரு மாச சம்பளத்தை விட அதிகம்!

இதுல கவனிக்க வேண்டியது "ரீஃபண்டபிள்" என்ற வார்த்தையை. முதல் தடவை அது உங்க பயத்தைக் குறைக்குது. ரெண்டாவது தடவையில இருந்து, ஏற்கனவே கட்டின பணத்தை மீட்கணும்னா இன்னும் கட்டணும்னு உங்களைப் பிடிச்சு வைக்குது. போன பணத்தைத் துரத்திக்கிட்டே போறதுலதான் பெரிய தொகை போகுது. அதனால முதல் தொகையைக் கட்டிட்டீங்கன்னாகூட, அங்கேயே நிறுத்தினா 2,450-ஓட நஷ்டம் முடிஞ்சுது.

ரெண்டு நிமிஷத்துல செய்யக்கூடிய சோதனை

மெயில் ஐடியில @ குறிக்குப் பின்னாடி இருக்கிறதை மட்டும் பாருங்க. கம்பெனியோட உண்மையான தளம் example.com-னு வச்சுக்குவோம்.

```
hr@careers.example.com
hr@example-careers.com
hr@example.com.joining-desk.in
```

முதல்ல இருக்கிறது அந்தக் கம்பெனியோடது. ரெண்டாவதும் மூணாவதும் யார் வேணா சில நூறு ரூபாய்க்கு வாங்கக்கூடிய வேற டொமைன்கள். வலது பக்கத்துல இருந்து படிங்க. இந்த மூணுலயும் கடைசிப் புள்ளிக்கு முன்னாடி இருக்கிற பேருக்குத்தான் அந்த முகவரி சொந்தம். மூணாவதுல அந்தப் பேர் joining-desk, example இல்லை. நடுவுல கம்பெனி பேர் வர்றதால ஒண்ணும் ஆகாது. ஜிமெயில்ல இருந்து ஆஃபர் லெட்டர் வந்தா இந்த ஆராய்ச்சியே தேவையில்லை.

அடுத்தது, பணம் கட்டச் சொல்ற யூபிஐ ஐடி. அதைப் போட்டதும், பின் அடிக்கிறதுக்கு முன்னாடி, பணம் வாங்குறவரோட பேர் ஸ்க்ரீன்ல வரும். "பிரபல" கம்பெனிக்குக் கட்டுற கட்டணம் ஒரு தனி மனுஷன் பேருக்குப் போகுதுன்னா, அங்கேயே நிறுத்திடுங்க. "அவர் எங்க ஃபைனான்ஸ் மேனேஜர்"னு ஒரு பதில் தயாரா வச்சிருப்பாங்க. எந்தக் கம்பெனியும் தன் வருமானத்தை மேனேஜரோட சொந்த அக்கவுண்ட்ல வாங்காது.

இன்னும் சந்தேகம் இருந்தா, அவங்க கொடுத்த நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்காதீங்க. அவனே எடுத்து "ஆமா, நாங்கதான்"னு சொல்வான். கம்பெனியோட தளத்தை நீங்களே டைப் பண்ணிப் போங்க. அங்க இருக்கிற மெயிலுக்கு ஆஃபர் லெட்டரை அனுப்பி "இது உங்களோடதா?"ன்னு கேளுங்க. பதில் வர ரெண்டு நாள் ஆகலாம். "மாலை 5 மணிக்குள்"னு அவன் சொன்னதே இந்த ரெண்டு நாள் உங்களுக்குக் கிடைக்கக் கூடாதுன்னுதான்.

அப்போ எந்தச் செலவுமே இருக்காதா?

நியாயமான கேள்வி. சில கம்பெனிகள் மெடிக்கல் டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லும். அந்தப் பணத்தை நீங்க லேப்லதான் கட்டுவீங்க, ஹெச்ஆர்கிட்ட இல்லை. சில உள்ளூர் கன்சல்டன்சிகள் வேலையில சேர்ந்த பிறகு ஒரு தொகை கேட்பாங்க. அது சரியா தப்பாங்கிறது வேற பஞ்சாயத்து, ஆனா அங்க வேலை கையில வந்திருக்கும். வெளிநாட்டு வேலைன்னா, மத்திய அரசுகிட்ட பதிவு பண்ணின ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதுக்கான ஜிஎஸ்டியும் வரைக்கும் ரசீதோட வாங்க சட்டத்துல இடம் இருக்கு. அந்த ஏஜென்ட் உண்மையா பதிவு ஆனவரான்னு emigrate.gov.in தளத்துல பார்க்கலாம். இதைத் தவிர, உள்நாட்டு வேலைக்கு "ஜாயினிங்குக்கு முன்னாடி பதிவுக் கட்டணம்"னு கேட்டா யோசிக்கவே வேண்டாம்.

ஏற்கனவே வேலையில இருக்கிறவங்களுக்கு நஷ்டம் பெருசு

காலேஜ் முடிச்சு வேலை தேடுற பையனுக்கு 2,450 போகும். உங்களுக்கு அதோட முடியாது. அந்த போலி ஹெச்ஆர் "ஜாயினிங் டேட் ஒண்ணாம் தேதி, ரிசிக்னேஷன் அக்செப்டன்ஸ் மெயிலை அனுப்புங்க"ன்னு கேட்பான். நீங்களும் கையில இருக்கிற 28,000 ரூபாய் வேலைக்குப் பேப்பர் போட்டுடுவீங்க. அடுத்த வேலை கிடைக்க மூணு மாசம் ஆச்சுன்னா 84,000 போச்சு. ஈஎம்ஐ இருந்தா அதுவும் சேர்ந்து இடிக்கும். இதுக்கு முன்னாடி 2,450 எல்லாம் ஒரு தொகையே இல்லை. கம்பெனியோட சொந்த டொமைன்ல இருந்து உறுதி மெயில் வர்ற வரைக்கும் பேப்பர் போடாதீங்க.

இன்னொண்ணு ஆவணங்கள். ஆதார், பான், கேன்சல்டு செக், மூணு மாச பேஸ்லிப் எல்லாத்தையும் அனுப்பியிருப்பீங்க. ஒருத்தர் பேர்ல லோன் அப்ளை பண்ணத் தேவையான மொத்த செட்டும் அதுதான். அனுப்பிட்டீங்கன்னா ஆதார் தளத்துல பயோமெட்ரிக்கை லாக் பண்ணுங்க. கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்து, நீங்க கேட்காத லோன் என்கொயரி ஏதாவது விழுந்திருக்கான்னு அடுத்த சில மாசம் பாருங்க. ஒவ்வொரு கிரெடிட் பீரோவும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும்.

பணம் போயிடுச்சா? 1930

வெட்கப்பட்டுக்கிட்டு ரெண்டு நாள் தள்ளிப் போடாதீங்க. அனுப்பின பணம் ஒரு அக்கவுண்ட்ல இருந்து இன்னொண்ணுக்கு மாறி, கடைசியில ஏடிஎம்ல எடுக்கப்படும். எடுக்கிறதுக்குள்ள 1930-க்குக் கூப்பிட்டா, பணம் போய் நின்ன அக்கவுண்ட்ல அந்தத் தொகையை நிறுத்தி வைக்க வங்கிக்குத் தகவல் போகும். இதுக்கு முக்கியமா வேண்டியது யூபிஐ பரிவர்த்தனையோட 12 இலக்க யூடிஆர் எண். உங்க ஆப்புல பேமென்ட் ஹிஸ்டரியில இருக்கும். cybercrime.gov.in தளத்துலயும் புகார் கொடுங்க, உங்க வங்கிக்கும் சொல்லுங்க. வாட்ஸ்அப் சாட்டை டெலீட் பண்ணாதீங்க, அதுதான் ஆதாரம். பணம் முழுசா திரும்ப வரும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனா முதல் ஒரு மணி நேரத்துல கூப்பிடுறதுக்கும் மூணாம் நாள் கூப்பிடுறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

கொஞ்ச நாள் கழிச்சு "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், ப்ராசஸிங் கட்டணம் 1,500"னு ஒரு மெசேஜ் வரலாம். அது யாரோட மெசேஜ்னு இந்நேரம் உங்களுக்கே தெரியும்.