பதிலில் மறையும் தமிழ்

சிங்கப்பூரின் 4 அதிகாரத்துவ மொழிகளுள் தமிழும் ஒன்று. பள்ளியிலும் தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. ஆயினும் கடையநல்லூரிலிருந்தும் நாகூரிலிருந்தும் சென்று அங்கே வேரூன்றிய நம் குடும்பங்களில், பதின்வயதுப் பிள்ளைகள் பலர் தமிழில் பேசத் தயங்குகின்றனர். பள்ளிப் பாடம் மட்டுமே ஒரு மொழியைக் காத்துவிடுவதில்லை.

இழப்பு எங்கே தொடங்குகிறது? மூத்த பிள்ளை தமிழ் பேசியே வளர்கிறது. 7 வயதில் தொடக்கப்பள்ளியில் சேர்ந்ததும் ஆங்கிலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, தம்பி தங்கையரோடு அதிலேயே விளையாடுகிறது. ஆகவே இளைய பிள்ளையின் காதில் விழுவது பெரியவர்களின் தமிழ் மட்டுமே. உம்மா தமிழில் கேட்பார். பிள்ளை ஆங்கிலத்தில் விடை கூறும். புரிந்துகொள்கிறதே எனப் பெற்றோர் அமைதியடைவர். ஆனால், பேசிப் பழகாத பிள்ளைக்கு வாக்கியம் அமைக்கும் ஆற்றல் மெல்லக் குன்றுகிறது. ‘சாப்பிட வா’ என்றால் புரியும். பள்ளியில் நடந்த சண்டையைத் தமிழில் தொடர்ந்து சொல்ல வராது. இதுவே அறிகுறி.

இவ்விழப்பைத் தடுப்பது தேவையே. ஆங்கிலம் அறியாத நன்னி உடனிருக்கும் வீட்டில் பிள்ளை தமிழ் பேசியே ஆகவேண்டும். நன்னி ஊரில் இருந்தால், கைபேசி உரையாடலின் இடையே நாம் புகுந்து மொழிபெயர்க்காதிருப்போம். பிள்ளை திணறினால் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொடுத்து, வாக்கியத்தை அதனிடமே விட்டுவிடுவோம். பிழையைக் கண்டு நகைத்தால் மறுமுறை அது வாய் திறவாது.

வீட்டு ஏவல்களோடு நின்றுவிட்டால் தமிழ் வளராது. நோன்பு ஏன், ஜகாத் யாருக்கு எனப் பதின்வயதில் எழும் வினாக்களுக்கும் தமிழிலேயே விடை கூறி, அவர்களது மறுவினாவையும் தமிழிலேயே கேட்டு வாங்குவோம்.