நகலுக்கு ஆறு மாதம், வெள்ளத்துக்கு ஒருநாளும் இல்லையா?

புளியந்தோப்பில் மழைநீர் வடியாத வாரம், முதுகலை ஒப்படைப்பை ஒருநாள் தாமதமாகக் கொடுத்தேன். கையேட்டு விதிப்படி மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். காரணம் கேட்கவில்லை.

நகலெடுப்புக்கு இருப்பது யுஜிசியின் 2018 விதிமுறை. ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரை ஒற்றுமை இருந்தால் தண்டனையில்லை. 40 வரை என்றால் திருத்தித் தர ஆறு மாதம் வரை அவகாசம். 60 வரை ஓராண்டுத் தடை. அதையும் தாண்டினால்தான் பதிவு ரத்து. முடிவெடுக்கும் குழு இயற்கை நீதியைப் பின்பற்ற வேண்டும்.

இந்தப் படிநிலை நியாயமானதுதான். தாமதத்துக்கு மட்டும் ஏன் விசாரணையே இல்லை? நம் மக்கள் தாழ்வான நிலத்தில் குடியிருப்பது தற்செயல் அல்ல. எல்லோருக்கும் ஒரே கெடு என்பது சமத்துவமல்ல, மேட்டில் வாழ்பவருக்கான சலுகை.