நீக்கும்போதுதான் கவனம் வேண்டும்
யூரோ டிரக் சிமுலேட்டர் 2 விளையாட்டில் சேமிப்பு கெடுவது பெரும்பாலும் மோட் எனப்படும் கூடுதல் கோப்பை நிறுவும்போதன்று, அதை நீக்கும்போதுதான். ஏனெனில் சேமிப்பில் லாரி முழுவதும் பதிவாவதில்லை, அதன் பாகங்கள் எந்தக் கோப்பில் உள்ளன என்னும் முகவரிகளே பதிவாகின்றன. ஆகவே லாரி மோட் ஒன்றைக் கைவிடுபவர், ஏற்றிய சரக்கை இறக்கி, விளையாட்டின் சொந்த லாரிக்கு மாறி, மோட் லாரியை விற்று, பணியமர்த்திய ஓட்டுநர் எவரிடமும் அது இல்லை என உறுதிசெய்து சேமித்த பின்னரே, மோட் மேலாளர் பட்டியலில் அதை முடக்க வேண்டும். அதற்கும் முன், ஆட்டக்காரரின் முன்னேற்றம் அடங்கிய `profiles` கோப்புறையை வேறிடத்தில் நகலெடுப்பது கட்டாயம். ஸ்டீம் மேகச் சேமிப்பு இதற்கு ஈடாகாது, கெட்ட கோப்பையும் அது அப்படியே ஒத்திசைத்துவிடக்கூடும். முடக்கிய பின் `game.log.txt` பதிவில் அந்தப் பாகங்கள் கிடைக்கவில்லை என்னும் பிழை வரிகள் தென்பட்டால், மேலும் சேமிக்காமல் நகலுக்குத் திரும்புவதே முறை.