தாமதமும் எச்சரிக்கைக் கடிதமும்

பால்மரம் வெட்டுகிறவருக்கு நேரத்தின் அருமையை எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் தாராளமாக இறங்கும். பெரட்டுக்குப் பிந்தியவரின் வாளியே அதைச் சொல்லிவிடும். தோட்டத்தை விட்டுப் பாகான் டாலாமில் குடியேறி, ஆலை வேலைக்குச் செல்லும் நம்மவருக்கு வாளி இல்லை. எச்சரிக்கைக் கடிதம்தான் வருகிறது.

அடிக்கடி பிந்தி வருபவரை எச்சரிக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. கடிதம் எப்படி எழுதப்படுகிறது என்பதே நமது கேள்வி.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். காலை 7 மணி ஷிப்டுக்கு ஒரு தோழர் ஒரே மாதத்தில் 6 நாள் பிந்துகிறார். ஒவ்வொரு நாளும் 15 முதல் 25 நிமிடம். மொத்தம் 2 மணி நேரம். "நீர் எப்போதும் தாமதம்; இனியும் பிந்தினால் வேலை போகும்" என்று எழுதினால் அது மிரட்டல். "எப்போதும்" என்பதற்குத் தோழர் பதில் சொல்ல வழியில்லை.

நியாயமான கடிதம் 6 தேதிகளையும் நிமிடங்களையும் குறிக்கும். முன்பு வாய்மொழியாகச் சொன்ன நாளையும் குறிக்கும். பிறகு காரணத்தைக் கேட்கும். தேதிகளை அடுக்கிப் பார்த்தால் உண்மை வெளிப்படுகிறது: 6 நாளும் மனைவிக்கு இரவு ஷிப்டு. அவர் 6.45க்கு வீடு திரும்பிய பிறகே குழந்தையை ஒப்படைத்துவிட்டு இவர் புறப்பட முடிகிறது. இது சோம்பலல்ல; ஆனால் இவர் வரும்வரை இரவு ஷிப்டுக்காரர் வீடு போக முடியாமல் நிற்கிறார் என்பதும் உண்மை.

ஆகவே கடிதம் பரிகாரத்தையும் எழுதவேண்டும். அந்த நாட்களில் மட்டும் 7.30க்குத் தொடங்கி, அரை மணி பிந்தி முடிப்பது. வர இயலாவிட்டால் 7 மணிக்கு முன்பே மேற்பார்வையாளருக்குத் தெரிவிப்பது. 8 வாரம் கழித்து இருவரும் கணக்குப் பார்ப்பது. நிர்வாகம் தானாக இசையாவிட்டால், தோழர் எழுத்து மூலம் நேர மாற்றம் கோரலாம். 2023 ஜனவரி முதல் அமலிலுள்ள வேலைச் சட்டத் திருத்தப்படி முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதிலளிக்கவேண்டும். மறுத்தால் காரணமும் கூறவேண்டும். கேட்டது கிடைத்தே தீரும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆயினும் கேட்டதற்குச் சாட்சி இருக்கும்.

பரிகாரம் செய்த பிறகும் காரணமின்றிப் பிந்தினால்? அப்போதும் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, முறையான விசாரணைக்குப் பிறகே தண்டனை என்கிறது. நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர் 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிடவேண்டும். அந்தக் கெடு தப்பினால் வழக்கும் தப்பும்.

தோழர்களே! கடிதத்தைக் கிழிக்காதீர்கள், வாங்க மறுக்காதீர்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிடுங்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. ஒரு பிரதி வாங்கிக்கொண்டு, காரணத்தையும் உங்களால் இயன்ற நேரத்தையும் இரண்டொரு நாளில் எழுதிக் கொடுங்கள். பதிலில்லாத எச்சரிக்கை, நாளை விசாரணையில் மறுக்கப்படாத குற்றச்சாட்டாக நிற்கும்.